வேர்க்கிற படகும் கஸ்தூரியின் வாயும்

கஸ்தூரிக்கு எங்கள் குப்பத்தில் டமாரம் என்று ஒரு பெயர் உண்டு. அதை அவளிடமே சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டாள். பழவேற்காடு மார்க்கெட்டில் அவள் இறாலைக் கூறு போட்டு உட்கார்ந்து குரல் எடுத்தால் பக்கத்துக் கடைக்குப் போகிறவன்கூட ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவான். எடையில் கை வைக்கிற வியாபாரியை அவனுடைய மாமியார் வீடு வரைக்கும் இழுத்துப் பேசுவாள். லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாணத்தன்றே சாப்பாட்டில் உப்பு இல்லை என்று பந்தியில் சொன்ன மணப்பெண் எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். அவளுடைய நைனா தலையில் அடித்துக்கொண்டாராம்.

நான் மீனவர் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் முன் அறையை வாடகைக்கு எடுத்து வலை நூலும் ஈயக்குண்டும் கயிறும் விற்கிறவன். வியாபாரிக்குச் சங்கத்தில் ஓட்டு கிடையாது. ஆனால் என் கடைக்கும் சங்கக் கூடத்துக்கும் நடுவில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதற்குக் கதவு கிடையாது. உள்ளே நடக்கிற எல்லாக் கூத்தும் எனக்கு இலவசம்.

எங்கள் மணல்மேட்டுக் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிறது. மார்க்கெட், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அக்கரையில். மணல்வழியாகச் சுற்றிப் போக ஒரு தடம் உண்டு, மழை பிடித்தால் அதுவும் முழுகிவிடும். ஆகவே சங்கத்து போட்டுதான் எங்களுக்கு பஸ், ஆம்புலன்ஸ், எல்லாமும். மரத்தால் கட்டி மேலே ஃபைபர் போர்த்திய பெரிய படகு. அதை ஓட்டுகிறவன் ராஜவேலு. சங்கத்தில் சம்பளம் வாங்குகிறவன்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஓடுகிற படகைப் பற்றி அவச்சொல் சொல்லக் கூடாது. உடையும், ஓட்டை, மூழ்கும், இந்த மூன்று சொல்லும் படகுப் பக்கத்தில் வாயில் வரக் கூடாது. சொன்னால் சொன்னவர் வீட்டுத் தலையில்தான் முதலில் விடியும் என்பார்கள். படகுக்குள் தண்ணீர் கசிந்தால் வேர்க்கிறது என்போம். தண்ணீரை மொண்டு ஊற்றுவதற்கு வேர்வை துடைப்பது என்று பெயர். எதற்கும் அடங்காத கஸ்தூரியின் வாய் இந்த ஒரு இடத்தில் மட்டும் அடங்கும். அவள் மகள் மோகனப்பிரியா அக்கரையில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். காலையும் மாலையும் அந்தப் போட்டில்தான் போய் வருகிறாள்.

போன ஆவணியில் ஒரு மத்தியானம் ராஜவேலு அவளை ஜாடை காட்டிக் கூப்பிட்டான். அவள் அப்போது சங்கத்தின் இயக்குநர்களில் ஒருத்தி. படகின் அடிப்பலகையைத் தூக்கிக் காட்டி, கையிலிருந்த திருப்புளியை உள்மரத்தில் வைத்தான். அழுத்தக்கூட இல்லை, கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"வேர்வை ஜாஸ்தியாகீது கஸ்தூரி," என்றான். "மேல ஃபைபர் நல்லாத்தான் மினுக்குது. உள்ள புழு தின்னுட்டு மிச்சம் வெச்சிருக்கிறது தவிடு."

"எத்தினி நாள் தாங்கும்ணே?"

"ஐப்பசி காத்துக்கு முன்னாடி கரையில ஏத்திட்டா நல்லது. அதுக்கு மேல என்னைக் கேக்காத."

அன்று அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு என் கடையைக் கடந்து போனபோது ஒரு வார்த்தையும் பேசவில்லை.

விஷயம் சங்க நிர்வாகக் குழுவுக்குப் போனது. தலைவர் இளவழகன் கெட்டவர் இல்லை, ஆனால் பயந்தவர். செயலாளர் ஹேமந்த் பொன்னேரிப் பக்கத்துப் பையன், கூட்டுறவுப் படிப்பு படித்துவிட்டு வந்தவன். அவன்தான் விளக்கினான். மார்ச்சில் சங்க உறுப்பினர் அனைவரும் அடங்கிய பேரவை கூடி அந்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை ஏற்றிருந்தது. அதில் போட்டுப் பராமரிப்புக்கென்று ஒதுக்கியது முழுவதும் ஜூனில் இன்ஜின் மாற்றியதிலேயே தீர்ந்துவிட்டது. இனி அந்தத் தலைப்பில் ஒரு ஆணி வாங்கவும் வழியில்லை. வாடகைக்கு வேறு படகு அமர்த்தினாலும் அதுவும் அதே தலைப்புதான்.

"சங்கத்துல காசு இல்லியா இன்னா?" என்று கஸ்தூரி கேட்டாள். "ஐஸ் வித்ததுல இந்த வருசம் நல்லாதானே வந்துது?"

"காசு இருக்குதுக்கா. ஆனா செலவு பண்ண அனுமதி இல்ல. துணை வரவு செலவுத் திட்டம் போடணும். முன்னாடி ஒதுக்கினது எவ்ளோ, செலவானது எவ்ளோ, இப்ப இன்னும் எவ்ளோ வேணும், அது எங்கேந்து எடுக்கறது, ஏன் மார்ச்லயே தெரியாமப் போச்சு, இதெல்லாம் எழுதி பேரவையில வெக்கணும். அவங்க ஒத்துக்கிட்டா பண்ணலாம்."

"முதல்ல மராமத்த பண்ணிட்டு அப்புறம் பேரவைல சொல்லிக்கலாமே?"

இளவழகன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "பெரியசாமி பண்ணார் பாரு, அத மாதிரியா?"

பெரியசாமி அவருக்கு முன்னால் தலைவராக இருந்தவர். புயலடித்த வருஷம் அவசரம் என்று அனுமதியில்லாமல் படகுத்துறையைச் சரி செய்தார். ஒரு ரூபாய் அவர் எடுக்கவில்லை என்று ஊருக்கே தெரியும். தணிக்கையில் ஆட்சேபணை எழுதி, தண்டத்தீர்வை போட்டு, அவரிடமிருந்தே வசூலித்தார்கள். அவர் படகை விற்றுக் கட்டினார். அப்புறம் அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. நல்லது செய்தவனுக்கு ஊர் கொடுத்த பரிசு அது. இளவழகனின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, துணைத் திட்டமே போடலாம் என்று முடிவானது. ஹேமந்த் எழுத உட்கார்ந்தான். 'கூடுதல் செலவுக்கான காரணம்' என்கிற இடம் வந்ததும் கூடத்தில் எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள்.

"இன்னான்னு எழுதட்டும்?" என்றான். "அடிமரம் உளுத்துடுச்சு, உடை..."

"ஏய்!" என்று இளவழகன் கத்தினார். "அத நோட்டீஸ்ல அடிச்சு செவுத்துல ஒட்டி வீடு வீடா அனுப்புவியா? கம்முனு இரு."

"காரணம் சரியா இல்லன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்கண்ணே."

"ஊருக்கே தெரியும்யா போட்டுக்கு வேர்க்குதுன்னு. புரிஞ்சிக்குவாங்க. பெயிண்ட், அலங்கார வேலைன்னு போடு."

கஸ்தூரி வாயைத் திறந்தாள். ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள், மோகனப்பிரியா திரும்பி வருகிற நேரம். வாயை மூடிக்கொண்டாள். காகிதத்தில் 'வண்ணம் பூசுதல் உள்ளிட்ட அலங்காரப் பணிகள்' என்று ஏறியது.

ஊருக்குத் தெரியும் என்று இளவழகன் நம்பினாரே, அங்கேதான் எல்லாம் கோணலாகப் போனது. வேர்க்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எந்தப் படகுதான் வேர்க்காமல் இருக்கிறது? திருப்புளி கைப்பிடி வரை இறங்கியதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

நோட்டீஸ் கொடுத்து, விதிப்படி அதற்குரிய நாள் கழிந்து பேரவை கூடியது. ஹேமந்த் துணைத் திட்டத்தைப் படித்தான். ஐஸ் விற்பனையில் அதிகம் வந்த வருமானத்திலிருந்து இந்தச் செலவு என்று அவன் முடிப்பதற்குள் எல்லம்மா எழுந்துவிட்டாள். எல்லம்மாவும் இறால் விற்கிறவள்தான், மார்க்கெட்டில் கஸ்தூரிக்கு அடுத்த இடம். இரண்டு பேருக்கும் குரலில் போட்டி.

"ஐஸ் காசுல தீவாளிக்கு போனஸ் தரேன்னு சொன்னீங்களா இல்லியா? இப்ப அத்த எடுத்து போட்டுக்கு மேக்கப் போடப் போறீங்களா? போன வருசம் அடிச்ச பெயிண்ட்டுக்கு இன்னா வந்துச்சு?"

கூடம் சிரித்தது. இளவழகன் கையைப் பிசைந்தார். "அவசியமான வேலைம்மா," என்றார்.

"இன்னா அவசியம்? சொல்லு."

அவர் கஸ்தூரியைப் பார்த்தார். கஸ்தூரி தரையைப் பார்த்தாள். ஓட்டுக்கு விட்டார்கள். ஆதரவாக உயர்ந்த கைகளை எண்ண ஒரு கை போதும். தீர்மானம் தோற்றது.

"அலங்காரத்துக்கு யார் காசு கொடுப்பா?" என்று ஹேமந்த் என் கடைக்கு வந்து புலம்பினான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊர் முழுக்க நாக்கு இருக்கிறது, தேவைக்கு ஒரு நாக்கு இல்லை.

புரட்டாசி போய் ஐப்பசி பிறந்தது. ஏரியில் தண்ணீர் நிறம் மாறியது. ராஜவேலு முன்பு வேர்வை துடைக்க ஒரு சொம்பு வைத்திருந்தான். அது வாளியானது. அப்புறம் இரண்டு வாளி. ஒரு மாலை போட்டு வெகுநேரம் வரவில்லை. படகுத்துறையில் கஸ்தூரி நின்றாள். கூடையை இறக்கி வைக்கத் தோன்றாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் போட்டு வந்தது. மோகனப்பிரியா இறங்கினாள். சுடிதார் முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது.

"நடுவுல இன்ஜின் நின்னுடுச்சும்மா. உள்ள வேர்வை," என்று சொல்லிவிட்டு, "பயப்படாத, வந்துட்டோம்ல," என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் கஸ்தூரிக்கு உயிரே போனதாம். பிற்பாடு என்னிடம் சொன்னாள். சொன்னால் பெண்ணுக்கு ஆகாது என்று வாயைக் கட்டினேன், சொல்லாமல் இருந்தால் மட்டும் அவளுக்கு என்ன ஆகும் என்று அந்த நிமிஷம்தான் கேட்டுக்கொண்டேன் என்றாள். மறுநாள் காலை ஹேமந்த் பூட்டைத் திறக்குமுன் சங்க வாசலில் நின்றாள்.

"மறுபடி துணைத் திட்டம் போடு. நான் முன்மொழியறேன். காரணம் நான் சொல்றபடி எழுது."

உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கினால் சிறப்புப் பேரவையைக் கூட்டச் சொல்லி மனு கொடுக்கலாம் என்றான் அவன். எதற்கென்று விவரம் சொல்லாமல் வீடு வீடாகப் போய் வாங்கிவிட்டாள். டமாரத்துக்குப் பயந்து போட்டவர்கள்தான் அதிகம். உறுப்பினர் மனு என்பதால் வாசகத்தில் கை வைக்க முடியாமல் இளவழகன் மறுபடியும் நோட்டீஸ் விட்டார். இந்த முறை காரணம் என்கிற இடத்தில் இருந்தது இதுதான்: 'படகின் அடிமரம் முற்றிலும் உளுத்துவிட்டது. ஃபைபருக்கு அடியில் இருந்ததால் மார்ச்சில் தெரியவில்லை. மழைக்குள் மாற்றாவிட்டால் நடு ஏரியில் உடைந்து மூழ்கும்.'

நோட்டீஸை ஒட்டிய அன்று மாலையே அதில் சாணியடித்திருந்தார்கள். என் கடைக்கு முன்னால்தான். அடித்தவர் யாரென்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லி என்ன பிரயோஜனம், அவரும் அந்தப் போட்டில் போகிறவர்தான்.

இரண்டாவது கூட்டத்துக்கு ஊரே வந்தது. கஸ்தூரி எழுந்து நின்றாள். மார்க்கெட்டில் கேட்கிற குரல் இல்லை அது.

"திருப்புளி உள்ள போனத நான் என் கண்ணால பாத்தேன். போட்டு உடையும். மூழ்கும். எல்லாரும் அதுலதான் போறோம், என் பொண்ணும் போறா. போனஸ் அடுத்த வருசம் வாங்கிக்கலாம். இதுக்கு ஒத்துக்கங்க, உங்க கால்ல விழறேன்."

பின்வரிசையில் பெண்கள் மண்ணைக் கிள்ளித் தலையைச் சுற்றி எறிந்தார்கள். "உன் வாயில மண்ணு விழ," என்றாள் எல்லம்மா. யாரோ ராஜவேலுவைக் கேட்டார்கள். சங்கத்தில் கூலிக்கு இருக்கிறவன், பேரவையில் அவனுக்குப் பேச்சும் இல்லை, ஓட்டும் இல்லை. வாசல்படியில் நின்று தலையைச் சொறிந்துகொண்டு, "வேர்வை ஜாஸ்திதான்," என்றான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

"தீர்மானத்த யார் வழிமொழியறீங்க?" என்று இளவழகன் கேட்டார்.

முன்மொழிந்தவர் ஒருவர், வழிமொழிகிறவர் ஒருவர், இரண்டு பெயரும் இருந்தால்தான் எங்கள் சங்கத்தில் எந்தத் தீர்மானமும் ஓட்டுக்கு வரும். வழிமொழிந்தால் அந்தச் சொற்கள் தன் வாயிலிருந்தும் வந்ததாக ஆகிவிடும். இரண்டாம் தடவை கேட்டார். மூன்றாம் தடவை கேட்டபோது அவர் குரலே கெஞ்சியது. தலைவராக இருந்து கூட்டம் நடத்துகிறவர் தாமே வழிமொழிய முடியாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது என்று நினைக்கிறேன். மற்ற இயக்குநர்கள் செருப்பைத் தேடினார்கள். ஓட்டுக்கே போகாமல் தீர்மானம் விழுந்தது.

மறுநாள் காலை படகுத்துறையில் எல்லம்மா கையை நீட்டி மறித்தாள். "நீ ஏறாத. உன் வாயோட இந்தப் போட்டுல ஏறாத."

மோகனப்பிரியா ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள். போகாதே என்று கஸ்தூரி முந்தின இரவு முழுக்கக் கெஞ்சியிருக்கிறாள். "எல்லாரும்தான் போறாங்க. நான் மட்டும் வேலய வுட்டுட்டு ஊட்ல குந்திக்கினு இருக்கட்டுமா?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறது.

கஸ்தூரி அன்று கூடை கொண்டுவரவில்லை. வீட்டு வாளி ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். எல்லம்மாவின் கையைத் தள்ளிக்கொண்டு ஏறினாள். யாருடனும் பேசாமல் இன்ஜின் பக்கம் போய் அடிப்பலகையைத் தூக்கி வைத்தாள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, மொண்டு மொண்டு ஏரியில் ஊற்றினாள். ராஜவேலு மட்டும் குனிந்து மறைத்துச் செய்துகொண்டிருந்த வேலை அது. அக்கரை போகும் வரை ஊற்றினாள். மகள் இறங்கியதும் அதே போட்டில் திரும்பினாள். மாலை மறுபடியும் போனாள். மார்க்கெட்டில் அவள் இடத்தை வேறொருத்தி பிடித்துக்கொண்டாள். வீட்டுப் பக்கம் யாரும் வரவில்லை. காசிமேட்டில் விசைப்படகில் வேலை செய்கிற புருஷன் ரமேஷ் போனில் திட்டினான். அவள் வாளியை மட்டும் விடவில்லை. டமாரம் ஊமையானது என்று சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேகம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் வாடைக்காற்று திடீரென்று எழுந்தது. காலைப் பயணம், போட்டு நிறைய ஆள். பாதி ஏரியில் அடியில் ஏதோ சத்தம் கேட்டதாம், ஈர விறகு பிளக்கிற மாதிரி. பலகைக்கு மேலேயே தண்ணீர் வந்துவிட்டது. ராஜவேலு போட்டைத் திருப்பினான். கஸ்தூரி ஊற்றினாள், மோகனப்பிரியா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இன்னொரு வாளியால் ஊற்றினாள். ஊற்ற ஊற்ற ஏறியது. யாரும் கூச்சல் போடவில்லை என்பதுதான் ஆச்சரியம். கூச்சல் போட வேண்டுமானால் அந்தச் சொல்லைச் சொல்லியாக வேண்டும்.

எல்லம்மாவின் மடியில் பெரிய அலுமினிய அன்னக்கூடை நிறைய இறால் இருந்தது. தீபாவளிச் சந்தைக்கு நல்ல விலை போகிற சரக்கு. அதைப் பார்த்தாள், கணுக்காலைத் தொட்ட தண்ணீரைப் பார்த்தாள். இறால் முழுவதையும் ஏரியில் கவிழ்த்துவிட்டு, அந்த அன்னக்கூடையால் மொள்ள ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு சோற்று டப்பா வைத்திருந்தவர்கள் டப்பாவால் மொண்டார்கள். படகுத்துறையை எட்டும்போது போட்டின் விளிம்புக்கும் ஏரிக்கும் ஒரு சாண்தான் இருந்தது.

எல்லம்மா நேராக என் ஜன்னலுக்கு வந்தாள். புடவையிலிருந்து சொட்டியது. உள்ளே ஹேமந்த்.

"தம்பி, அந்தத் தீர்மானம்... அத்த வழிமொழியறவங்க பேரு வேணும்னு சொன்னீங்களே."

"ஆமாம்மா."

"என் பேர எழுது."

"காரணத்த மாத்தி எழுதட்டுமாம்மா?"

எல்லம்மா திரும்பிப் பார்த்தாள். வாசலில் கஸ்தூரி வாளியோடு நின்றாள். "அவ சொன்னதையே எழுது," என்றாள் எல்லம்மா. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊரறிய, சத்தமாகச் சொன்னாள்: "மூழ்கும்."

கஸ்தூரி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஹேமந்த் அன்றே நோட்டீஸ் அடித்தான். இந்த முறை யாரும் சாணியடிக்கவில்லை. தீர்மானம் நிறைவேறிவிடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சிறப்புப் பேரவைக்கு நோட்டீஸ் நாள் கழிய வேண்டும். கூட்டம் கூட வேண்டும், நிறைவேற வேண்டும், விலைப்புள்ளி வாங்க வேண்டும், அப்புறம்தான் மரம். அதுவரைக்கும் ஒரு ரூபாய் எடுக்க வழியில்லை. மணல்தடம் முந்தின இரவே முழுகிவிட்டது. சங்கத்துக்கு வேறு போட்டு கிடையாது, ஊரிலிருக்கிற சின்ன மீன்பிடிப் படகுகளில் இந்தக் காற்றுக்கு இத்தனை பேரை ஏற்றவும் முடியாது.

ராஜவேலு ஃபைபர் துண்டையும் சாக்கையும் வைத்து அடியை ஒட்டினான். மறுநாள் விடிந்தபோது நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். படகுத்துறைக்குப் போகிற வழியில் ஜனம் வரிசையாகப் போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன்காரிகள், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவர் ஒருவர். ஆளுக்கொரு வாளி. கஸ்தூரியும் எல்லம்மாவும் அடிப்பலகையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள், நடுவில் மோகனப்பிரியா. கடல் பக்கம் கறுத்திருந்தது. ராஜவேலு கயிற்றை அவிழ்த்தான்.